பட்டில் கத்தரி வைக்கும் முன்

பட்டுப் புடவையின் முனையில் சேர்த்தே நெய்து வரும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். கல்யாணப் புடவை என்றால் அந்த நிறமும் கரையும் சேர்ந்த இன்னொரு துண்டு கடையில் தனியாகக் கிடைக்காது. அதில் கத்தரி தப்பான இடத்தில் போனால் கூலியைத் திருப்பிக் கொடுத்து ஈடு செய்ய முடியாது. புதுத் துணி வாங்கித் தருகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. நான்கு டாட் ரவிக்கை மட்டுமே நம்பிக்கையோடு தைக்கத் தெரிந்திருந்த நான், அப்படிப்பட்ட ஒரு துண்டில் முதல் பிரின்சஸ் கட் தைக்க ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட விதத்தையும், அந்த வேலைக்குள்ளேயே கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு சிறிய தையல் கடையில் கட்டிங் மாஸ்டரிடம் வேலை பழகியவள் நான். முதலில் கொக்கி கட்டுவதும் ஹெம்மிங் செய்வதும்தான் என் வேலை. பிறகு கை, பட்டி, கடைசியில் முழு ரவிக்கை என்று மெதுவாகத் தந்தார். வீட்டில் சொந்தமாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்த பிறகும் சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவேன். ஏற்கெனவே என்னிடம் தைத்துப் பழகிய ஒரு அக்கா, மகள் கல்யாணத்துக்குத் திருபுவனம் பட்டு எடுத்திருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பிரின்சஸ் கட், பின்பக்கம் ஜிப், முதுகில் ஆரி வேலை. "நீ தச்சா எங்களுக்கு உடம்புல உக்காரும்மா. நீயே தச்சுக் குடுத்துடு" என்றார். கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

மாஸ்டரிடம் போய் நின்றபோது அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "இதுல நீ இதுவரைக்கும் செய்யாதது என்னென்ன, சொல்லு" என்றார். பிரின்சஸ் கட் செய்ததில்லை. ஜிப் வைத்ததில்லை. ஆரி வேலைக்கு அடையாளம் போட்டுக் கொடுத்ததில்லை. "ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடு" என்றார். நான்கு டாட்டில் எனக்குப் பின்கொக்கி வைத்துப் பழக்கம் உண்டு. ஜிப்புக்குப் பதில் அதையே வைக்கலாம். ஆரியின் சங்கதி வேறு. துணியை வெட்டும் முன்பே சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்து எங்கே, தோள் எங்கே என்று வரைந்து கொடுத்து வேலை செய்வார்கள். அந்தக் கோடு தப்பினால் பூவே தப்பான இடத்தில் நிற்கும். அளவே இன்னும் உறுதியாகாத ஒரு ரவிக்கையில் அந்தக் கோட்டை நான் எப்படிப் போடுவது? ஆரி வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பிரின்சஸ் கட்டில் என்ன அப்படி ஆபத்து என்று தைக்காதவர்கள் கேட்கலாம். டாட் என்பது மார்பின் வளைவுக்காகத் துணியைக் குவித்து மடித்துத் தைக்கும் சிறு முக்கோணம். விரலால் வருடினால் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் ஒன்றுமில்லாமல் கரையும். மடிந்த துணி உள்ளேயே இருப்பதால் சரியாக விழாவிட்டால் பிரித்து நகர்த்திக்கொள்ளலாம். பிரின்சஸ் கட்டில் முன்பாகத்தை நடுத்துண்டு, இரண்டு பக்கத் துண்டுகள் என்று மூன்றாகவே வெட்டிவிடுகிறோம். அக்குள் வளைவின் நடுவிலிருந்து கிளம்பி, மார்பின் உச்சியைத் தொட்டு, இடுப்பு வரை ஒரே கோடாக ஓடும் தையலுக்குள் டாட் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொள்கிறது என்று சொன்னாலும், டாட்டில் மடிந்திருக்க வேண்டிய துணி கத்தரியோடு போய்விடுகிறது. திரும்ப வைக்க அது கையில் இருக்காது.

மறுநாள் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். லைனிங் வைத்த பட்டு ரவிக்கை நிறையத் தைத்திருக்கிறேன், பிரின்சஸ் கட் இதுதான் முதல் தடவை. முதலில் காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்ப்போம், அந்தத் துணிச் செலவு என்னுடையது, ஆனால் பெண் நேரில் வந்து நிற்க வேண்டும், ஒரு தடவை போதாது. ட்ரையல் சரியாகும் வரை பட்டுத் துண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தேதி வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எனக்கோ உங்களுக்கோ திருப்தி இல்லையென்றால் மாஸ்டர் வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆரி வேண்டும் என்றால் இந்த வேலையை நான் எடுக்கவில்லை.

அந்தத் தேதியைப் பற்றி மாஸ்டர்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முகூர்த்த மாதங்களில் எந்தத் தையல்காரர் கையும் சும்மா இருக்காது. கடைசி வாரத்தில் முடியவில்லை என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்குப் போக இடம் இருக்காது. அவர் தன் நாள்களில் ஒன்றை எனக்காகக் காலியாக வைத்த பிறகுதான் நான் வாய் திறந்தேன்.

அந்த அக்கா சற்று நேரம் யோசித்தார். மகள்தான், "ஆரி இல்லாட்டி என்னம்மா, கட் நல்லா வரணும், அவ்வளவுதான்" என்றாள். கூலியைப் பற்றி மட்டும் எனக்கும் மாஸ்டருக்கும் கருத்து வேறாக இருந்தது. பழகும் வேலை என்பதால் பாதிக் கூலி போதும் என்று நான் நினைத்தேன். "கம்மியா வாங்கினா பொறுப்பும் கம்மின்னு உன் மனசே உனக்குச் சொல்லும்" என்றார். லைனிங் ரவிக்கைக்கு வழக்கமாக வாங்கும் கூலியையே பேசினேன். பிரின்சஸ் கட்டுக்கு எல்லோரும் வாங்கும் கூடுதல் தொகையைக் கேட்கவில்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அளவெடுப்பதிலேயே பாடம் ஆரம்பமாகிவிட்டது. எங்கள் ஊரில் பலரும் அளவு ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் அதை விரித்து அளந்து தைத்தே பழகியவள். நான்கு டாட் ரவிக்கையிலிருந்து பிரின்சஸ் கட்டுக்கு வேண்டிய எல்லா அளவும் கிடைக்காது. தோளிலிருந்து மார்பின் உச்சிவரை எத்தனை, ஓர் உச்சியிலிருந்து மறு உச்சிக்கு எத்தனை, அக்குளுக்குக் கீழே சுற்றும் மேல்மார்பு அளவுக்கும் முழு மார்பு அளவுக்கும் எத்தனை வித்தியாசம் என்பது உடம்பில் டேப் வைத்தால்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு முழு மார்பு 36, மேல்மார்பு 34, தோளிலிருந்து உச்சிவரை 10, உச்சிக்கு உச்சி ஏழரை. எல்லாம் அங்குலக் கணக்கு. மாஸ்டர் என்னை மறுபடியும் அனுப்பி அளக்கச் சொன்னார். "டேப்பை இழுத்துப் பிடிச்சா துணியும் இழுத்துத்தான் பிடிக்கும். டேப்புக்குள்ள ரெண்டு விரல் போய் வரணும்." இரண்டாவது தடவை மேல்மார்பு கால் அங்குலம் கூடியது.

காகிதத்தில் வரைந்து, காடாத் துணியில் வெட்டி, பெரிய ஓட்டத் தையலில் துண்டுகளைச் சேர்க்க உட்கார்ந்தபோது முதல் தடை வந்தது. நடுத்துண்டின் ஓரம் மேலே போகப் போக உள்ளே குழிந்து வளையும். பக்கத் துண்டின் ஓரம் வெளியே புடைத்து வளையும். குழிவையும் புடைப்பையும் ஒன்றாக வைத்து அக்குளிலிருந்து இடுப்பை நோக்கித் தைத்தேன். கீழே வந்தபோது பக்கத் துண்டு மிஞ்சி நின்றது. காகிதத்தில் தப்பு என்று நினைத்து மிஞ்சியதை வெட்டிவிட்டு, அடுத்த பக்கத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்து தைத்தேன். ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் சுருக்கம் சுருக்கமாகவும் நின்றன. உச்சிக்கு மேலே சின்னச் சின்ன மடிப்புகள் தையலுக்குள் மாட்டிக்கொண்டு, விரலால் தடவினால் மணி கோத்த மாதிரி தட்டின.

மாஸ்டர் அதை வாங்கித் தையல் முழுவதையும் பிரித்துப் போட்டார். டேப்பைப் படுக்க வைக்காமல், அதன் விளிம்பு துணியில் படும்படி குத்திட்டு நிறுத்தி, சாக்பீஸ் கோட்டின் மேலேயே வளைத்து நடத்திக்கொண்டு போகச் சொன்னார். இரண்டு துண்டுகளிலும் தையல் கோடு ஒரே நீளம். அடுத்து, வெட்டிய ஓரங்களை அதேபோல் அளக்கச் சொன்னார். குழிந்த துண்டின் ஓரம் தன் கோட்டைவிடக் குட்டை, புடைத்த துண்டின் ஓரம் தன் கோட்டைவிட நீளம். தையலுக்கு விட்ட அரை அங்குலம் குழிவில் உள்வட்டத்திலும் புடைப்பில் வெளிவட்டத்திலும் போய் விழுவதால் அப்படித்தான் வரும். நான் ஓரத்தோடு ஓரத்தைச் சேர்த்துத் தைத்திருந்தேன். சேர வேண்டியவை கோடுகள். காகிதத்தில் எந்தத் தப்பும் இருக்கவில்லை.

அதன்பின் அவர் காட்டிய முறை இது. குழிந்த துண்டில், தையல் கோட்டிலிருந்து ஓரத்தின் பக்கம் ஒரு நூல் தள்ளித் தனியாக ஒரு தையல் ஓட்ட வேண்டும். துணி இழுபடாமல் அது பிடித்துக்கொள்ளும். பிறகு ஓரத்திலிருந்து அந்தத் தையல் வரை, தையலைத் தொடாமல், அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கத்தரியால் கட் கொடுக்க வேண்டும். கட் கொடுத்த ஓரம் விசிறியாக விரிந்து புடைத்த துண்டோடு படுத்துக்கொள்ளும். உச்சியில் ஓர் அடையாளம், அதற்கு மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலத்தில் அடையாளங்கள் வைத்து அவற்றை முதலில் சேர்த்துவிட வேண்டும். கட் கொடுத்த துண்டு மேலே தெரியும்படி மெஷினில் வைத்து, ஊசி துணியில் இறங்கி நிற்கும்போது மட்டும் காலைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். மிச்சக் காடாவில் அந்த ஒரு வளைவையே திரும்பத் திரும்பத் தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தையலை வருடச் சொல்வார். எங்காவது தட்டினால் பிரிக்க வேண்டும். கடைசியில் விரல் எங்கும் நிற்காமல் அக்குளிலிருந்து இடுப்பு வரை வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

முதல் ட்ரையலை அந்தப் பெண் போட்டு நின்றபோது இரண்டு குறை தெரிந்தது. மார்பின் மேல் குறுக்கே இழுவைக் கோடுகள் ஓடின. அக்குளுக்கு முன்னால் துணி வாய் பிளந்ததுபோல் தூக்கி நின்றது. ஓரிடத்தில் இறுக்கம், அதற்கு நாலு விரல் தள்ளித் தொளதொளப்பு. முழுவதும் பெரிதாக்குவதா சிறிதாக்குவதா என்று எனக்குப் புரியவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்ட வழியில்லை. பெண்கள் உடம்பில் போட்டுப் பார்க்கும் அறைக்குள் அவர் வரமாட்டார். நான் பார்த்ததை எல்லாம் துணியிலேயே எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார். இழுவைக் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சாக்பீஸால் வரைந்தேன். தூக்கி நின்ற துணியை விரலால் கிள்ளிக் குண்டூசி குத்தினேன். உண்மையான உச்சி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தேன்.

அதை மேசையில் விரித்ததும் அவர் படித்த வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குறுக்குக் கோடு என்றால் அந்த இடத்தில் சுற்றளவு போதவில்லை. பக்கத் துண்டின் புடைப்பில், உச்சிக்கு நேராகக் கால் அங்குலம் கூட்டு, மேலும் கீழும் போகப் போக ஒன்றுமில்லாமல் கரை. அக்குளில் கிள்ளிய துணியை அளந்து பார், அதுதான் தையலுக்குள் போயிருக்க வேண்டிய டாட். மேல்பகுதியில் அதைக் குறை, உச்சிக்கு வரும்போது முடித்துவிடு. இறுக்கமும் தொளதொளப்பும் ஒரே கோட்டின் இரண்டு இடங்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழுமைக்கும் சேர்த்துப் பெரிதாக்கியிருந்தால் அக்குள் இன்னும் பிளந்திருக்கும்.

இரண்டாவது ட்ரையலில் முன்பாகம் படிந்தது. ஆனால் கை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பெண் கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் கூடவே மேலே ஏறியது. மாலை மாற்றும்போது கையைத் தூக்கத்தானே வேண்டும்? அக்குள் பிடிக்கிறது என்று நினைத்து, மாஸ்டரைக் கேட்காமலே அக்குள் வளைவை அரை அங்குலம் கீழே இறக்கி வெட்டினேன். முன்பைவிட அதிகமாக ஏறியது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இடுப்பே வெளியே தெரிந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. காடாத் துணிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் தன் சட்டையையே உதாரணமாக்கினார். அக்குளுக்கு அடியில் சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினார். சட்டை முழுவதும் ஏறியது. பிடித்திருந்ததை விட்டுவிட்டு, அக்குளை ஒட்டினாற்போல் துணியை வைத்துக்கொண்டு தூக்கினார். பக்கத் தையல் நகரவே இல்லை. கை எங்கே உடம்போடு சேர்கிறதோ அங்கேயே ரவிக்கையின் கையும் சேர்ந்திருந்தால் கை மட்டும் எழும்பும். கீழே சேர்ந்திருந்தால் அந்த இடத்திலிருந்து உடம்புத் துணியையும் அது தூக்கிக்கொண்டு போகும். "பிடிக்குதுன்னா பள்ளம் தோண்டாதே. மேல ஏத்து, கையை அகலமாக்கு" என்றார். வெட்டி இறக்கிய அக்குளில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்து, முதலில் இருந்ததைவிடவும் கால் அங்குலம் மேலே ஏற்றினேன். கையின் மேல்வளைவைச் சற்றுத் தாழ்த்தி அகலம் கொடுத்தேன். உடம்பின் அக்குள் சுற்றும் கையின் மேல்வளைவும் பொருந்துகின்றனவா என்று டேப்பைக் குத்திட்டு நிறுத்தி அளந்தேன். அந்தப் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். ரவிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. "அக்கா, இப்ப டான்ஸே ஆடலாம்" என்று சிரித்தாள். எத்தனையோ ரவிக்கைகளில் காரணம் தெரியாமல் நான் கேட்டிருந்த புகார் ஒன்றுக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

ஒட்டு வைக்க முடிந்ததே காடாத் துணி என்பதால்தான். பட்டில் அக்குளில் ஒட்டு வைத்தால் கல்யாண மேடையில் எல்லோர் கண்ணிலும் படும்.

குறித்த தேதிக்கு முன்பே ட்ரையல் சரியாகிவிட்டது. அப்போதும் மாஸ்டர் பட்டை எடுக்க விடவில்லை. காடா தடிமனாக நிற்கும், பட்டும் லைனிங்கும் சேர்ந்தால் வேறு மாதிரி விழும் என்றார். பருத்தி லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து அயன் செய்து, அதில் வெட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஊறவைக்காமல் வைத்தால் பிறகு ஒரு துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேலே பட்டு கொப்பளித்து நிற்கும். ரவிக்கையில் இழுவையைத் தாங்குவது லைனிங்தான் என்பதால் அது உடம்பில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சரியான அந்த லைனிங்கையே பிரித்து, அதையே அச்சாக வைத்துப் பட்டை வெட்டலாம். கடைசி ட்ரையலுக்கு என்று தனியாகத் துணி வீணாகவில்லை. இந்த ஒரு வழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை.

பட்டு இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. அதன் நீள அகலத்தை மட்டும் அளந்து வந்து, செய்தித்தாளை ஒட்டி அதே அளவில் ஒரு தாள் செய்து, துண்டுகளை அதில் பரப்பிப் பார்த்தேன். கைகள் இரண்டும் கரையை ஒட்டி வர வேண்டும். மிச்சத்தில் பின்பாகம், நடுத்துண்டு, இரண்டு பக்கத் துண்டுகள். பயத்தில் எல்லாத் தையலுக்கும் ஓர் அங்குலம் மார்ஜின் விட்டிருந்தேன். ஒரு பக்கத் துண்டு தாளுக்கு வெளியே நீட்டியது. அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் அழகாக இடம் கிடைத்தது. சந்தோஷமாகத் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"புடவை என்ன கலர்?" என்றார். மயில்கழுத்து என்றேன். ஒரு பெட்டியைத் துழாவி அதேபோன்ற வெட்டுத்துணி ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டினார். ஒரு துண்டை நேராகவும் இன்னொன்றைக் குறுக்காகத் திருப்பியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நீலமாகத் தெரிந்தது, மற்றது பச்சையாக. மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். எந்த நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வெளிச்சத்தில் நிறம் மாறும். நான் வைத்தபடி வெட்டியிருந்தால் மணப்பெண்ணின் மார்பில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையுமாக இருந்திருக்கும்.

துண்டுகளை எல்லாம் ஒரே திசையில் வைக்க வேண்டும் என்றால் மார்ஜினைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. யோசித்துச் சொல் என்று உட்கார வைத்தார். பிரின்சஸ் தையலின் அளவு லைனிங்கிலேயே உறுதியாகிவிட்டது. அங்கே அரை அங்குலம் போதும். கல்யாணத்துக்குள் உடம்பு கொஞ்சம் கூடலாம், குறையலாம். பிரித்துவிட வேண்டி வந்தால் பக்கத் தையலில்தான் வரும். அங்கே மட்டும் ஓர் அங்குலம் வேண்டும். நான் சொன்னதும் தலையை ஆட்டினார். தாளில் எல்லாத் துண்டும் உட்கார்ந்தன.

பட்டுத் துண்டைப் புடவையிலிருந்து வெட்டும்போது அந்த அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெட்டினேன், புடவைப் பக்கம் மடித்துத் தைக்க ஒரு விரற்கடை விட்டு. ஓரத்தில் கிடைத்த கீற்றில்தான் எல்லாவற்றையும் முதலில் செய்து பார்த்தேன். 14-ஆம் நம்பர் ஊசி பட்டில் இறங்கும்போது 'டக்' என்று கேட்டது, பக்கத்தில் நூல் இழுபட்டது. புது 11-ஆம் நம்பர் ஊசி சத்தமில்லாமல் இறங்கியது. பிரித்துப் பார்த்தபோது ஊசி போன துளை அப்படியே நின்றது. பட்டில் தையலைப் பிரிப்பது கிடையாது என்று அந்தக் கீற்று எனக்குச் சொல்லிவிட்டது. குண்டூசியையும் மார்ஜினுக்குள் மட்டுமே குத்தினேன். சாக்பீஸ் கறை படியாமல் இருக்க நூலால் அடையாளம் வைத்தேன். அயனைக் குறைந்த சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டு, தண்ணீர் தெளிக்காமல் வைத்தேன். தண்ணீர்ச் சொட்டு விழுந்த இடம் பட்டில் திட்டாக நிற்கும். மார்பின் வளைவு தட்டையாகிவிடாமல் இருக்க, துவாலையைச் சுருட்டி அடியில் வைத்து அதன் மேல் தையலை விரித்து அயன் செய்தேன்.

பட்டில் அந்த நீண்ட வளைவைத் தைத்தது ஒரு பிற்பகலின் சிறு பகுதிதான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

கடைசியாகப் போட்டுப் பார்த்தபோது இடுப்பில் மட்டும் சற்றுத் தளர்வாக இருந்தது. கல்யாண அலைச்சலில் அந்தப் பெண் கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத் தையலில் பிடித்துத் தைத்தேன். முதல் தையலைப் பிரிக்கவில்லை, அதற்கு உள்ளே இன்னொன்று ஓட்டினேன். பின்னால் உடம்பு பழையபடி ஆனால் எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும், எவ்வளவு துணி உள்ளே இருக்கிறது என்று அந்த அக்காவிடம் காட்டிக் கொடுத்தேன். கூலியை வாங்கிக்கொண்டு மாஸ்டரிடம் ரவிக்கையின் படத்தைக் காட்டினேன். அவர் கைப்பேசியைப் பெரிதாக்கி முதலில் அக்குளைப் பார்த்தார், பிறகு தையல் உச்சியைத் தாண்டும் இடத்தைப் பார்த்தார். "வலது பக்கம் நல்லாருக்கு. இடது பக்கமும் தப்பில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்தக் காகித அச்சு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் எங்கே எவ்வளவு கூட்டினேன், எங்கே குறைத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். பிரின்சஸ் கட்டுக்கு இன்று முழுக் கூலி வாங்குகிறேன். போன மாதம் ஒருவர் அதே கட்டில் ஜிப்பும் ஆரியும் கேட்டு வந்தார். ஜிப்பை ஒப்புக்கொண்டேன், லைனிங் ட்ரையலிலேயே வைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லி. ஆரிக்கு, அந்த வேலை தெரிந்த ஒரு அக்காவின் வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சட்டத்தில் துணியைக் கட்டி அடையாளம் வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேனே என்று அந்த ஆரி அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.